டீ ஆத்தும் ஒரு நொடியை எட்டு நொடியாக்குவது எப்படி: போனில் ஸ்லோ மோஷன், முழுமையான வழிகாட்டி

டீ மாஸ்டர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி டீ ஆத்தும்போது, நடுவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு டீ காற்றில் நிற்கிறது. மேலே கண்ணாடிக் கம்பி மாதிரி ஒரே தாரையாக இறங்கி, கீழே வரவரச் சுருண்டு, துளிகளாக உடைந்து, கிளாஸுக்குள் விழுந்து நுரையாகிறது. வெறும் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. எங்கள் தெருமுனைக் கடையில் இதை எடுக்க நான்கு நாள் காலையில் போனேன். முதல் நாள் எடுத்தது முழுக்க வீண். ஏன் வீணானது என்பதிலிருந்துதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி வந்தது.

முதல் நாள் நான் செய்தது இதுதான். போனில் 4K-யில் நொடிக்கு 30 ஃபிரேம் வைத்து எடுத்தேன். தரம் நன்றாக இருக்கும், வேகத்தை வீட்டில் எடிட்டிங் ஆப்பில் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து எட்டு மடங்கு மெதுவாக்கினேன். மாஸ்டரின் முகமும் பாய்லரும் பளிச்சென்று இருந்தன. ஆனால் டீ ஜெல்லி மாதிரி நெளிந்தது. துளிகள் விழவில்லை, ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் முளைத்தன.

முதலில் கணக்கு: இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் எவ்வளவு தூரம்?

வீடியோ என்பது வரிசையான புகைப்படங்கள். அதில் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். பார்க்கும்போது பெரும்பாலும் நொடிக்கு 30 படம் ஓடுகிறது. எடுக்கும்போதே நொடிக்கு 240 படம் எடுத்து, அதை நொடிக்கு 30 என்று ஓட்டினால் ஒரு நொடி எட்டு நொடியாகிவிடும். அதில் ஒவ்வொரு படமும் உண்மையில் நடந்தது. நொடிக்கு 30 படம்தான் எடுத்தோம், அதையே எட்டு மடங்கு நீட்டுகிறோம் என்றால், திரையில் ஓடும் ஒவ்வொரு எட்டுப் படத்திலும் ஒன்றுதான் கேமரா எடுத்தது. மற்ற ஏழையும் சாஃப்ட்வேர்தான் உண்டாக்க வேண்டும்.

அந்த ஏழு படத்தை அது எப்படி உண்டாக்குகிறது? எளிய ஆப்கள் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும்; வீடியோ தத்தித் தத்தி ஓடும். சில ஆப்கள் இரண்டு படத்தை ஒன்றின் மேல் ஒன்றாகக் கலக்கும். கை மங்கலாகி இரண்டு கையாகத் தெரியும். கொஞ்சம் புத்திசாலியான முறைக்கு ஆப்டிகல் ஃப்ளோ என்று பெயர். முதல் படத்தில் இருந்த ஒவ்வொரு சிறு பகுதியும் அடுத்த படத்தில் எங்கே போயிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, நடுவழியில் அது எங்கே இருந்திருக்கும் என்று வரைவது இந்த முறை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் `Optical Flow` என்றே இருக்கும்.

இங்கே முக்கியமான சொல் ‘தேடி’ என்பது. தேடிக் கிடைத்தால்தான் வரைய முடியும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் டீ, கீழே வரும்போது நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. துளியின் அளவோ அரை சென்டிமீட்டர். தன் அளவைப் போல முப்பது மடங்கு தூரம் தாவிவிட்ட துளியை, அதே மாதிரி இருக்கும் ஐம்பது துளிகளுக்கு நடுவில் எப்படி அடையாளம் காண்பது? போதாததற்குத் துளி வடிவமும் மாறுகிறது, இரண்டு துளி சேர்ந்து ஒன்றாகிறது. சாஃப்ட்வேருக்கு வேறு வழியில்லை. பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றோடு பொருத்திவிடுகிறது. ஜெல்லி அப்படித்தான் வந்தது.

அதே காட்சியில் மாஸ்டரின் கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஃபிரேமில் அது நகர்வது சுமார் 3 சென்டிமீட்டர். கையின் அகலம் அதைவிட அதிகம். அதனால் கையை சாஃப்ட்வேர் நன்றாகவே நடுவில் வரைந்துவிடும்.

இதிலிருந்து நான் ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டேன். எடுக்கப்போகும் பொருள் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் தன் அளவைவிடக் குறைவாக நகர்ந்தால் சாஃப்ட்வேரை நம்பலாம். அதைவிட அதிகமாக நகர்ந்தால் ஃபிரேமைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். அதே டீ 120 ஃபிரேமில் 3.7 சென்டிமீட்டர் நகரும், 240-இல் 1.8 சென்டிமீட்டர். 240-இல் எடுத்ததை எட்டு மடங்கு மெதுவாக்க சாஃப்ட்வேர் எதையும் வரைய வேண்டியதில்லை என்பதால், ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள தாரைக்கு அது போதுமானது.

ஃபிரேம் கூடினால் எது குறைகிறது?

அப்படியென்றால் எப்போதும் 240-இலேயே எடுத்துவிடலாமே என்று தோன்றும். போன் அதற்கு விலை கேட்கும். அந்த விலையைப் புரிந்துகொள்ள ஒரு பெருக்கல் போதும்.

1080p படத்தில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4K படத்தில் சரியாக அதன் நான்கு மடங்கு. 4K-யில் நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் போன் ஒரு நொடியில் சுமார் 24.9 கோடி புள்ளிகளைக் கையாள வேண்டும். 1080p-யில் 120 ஃபிரேம் எடுத்தாலும் அதே 24.9 கோடிதான். 4K 60-உம் 1080p 240-உம் இதேபோல் சமம். போனுக்குள் சென்சாரைப் படிப்பது, படத்தைச் சீராக்குவது, சுருக்கிச் சேமிப்பது எல்லாவற்றுக்கும் நொடிக்கு இவ்வளவு புள்ளி என்று ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் ஃபிரேம் வேண்டுமா, புள்ளி வேண்டுமா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். புதுப் போன்களில் எல்லை விரிந்துகொண்டே போகிறது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸில் 720p 120 ஃபிரேம்தான் இருந்தது. 2017-இன் ஐபோன் 8-இல் 1080p 240 வந்தது. 2024-இன் ஐபோன் 16 ப்ரோவில் 4K 120 வந்தது. விரிந்தாலும் எல்லை எல்லைதான்.

ஆனால் புள்ளி எண்ணிக்கை முழுக் கதையைச் சொல்லாது. 1080p என்று எழுதியிருக்கும் இரண்டு வீடியோ ஒரே தெளிவில் இருக்காது. சாதாரண 30 ஃபிரேமில் போன் சென்சாரின் பெரும்பகுதியைப் படித்து, அந்தப் பெரிய படத்தை 1080p-க்குச் சுருக்கித் தரலாம். சுருக்கும்போது விளிம்புகள் கூர்மையாகும், புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறையும். 240 ஃபிரேமில் ஒவ்வொரு படத்தையும் 4 மில்லி செகண்டில் படித்து முடிக்க வேண்டும். அதனால் பல போன்கள் சில வரிசைகளை விட்டுவிட்டுப் படிக்கும், அல்லது பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும், அல்லது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும்.

உங்கள் போன் இதில் எதைச் செய்கிறது என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். போனை ஸ்டாண்டில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளிச் சுவரில் செய்தித்தாளின் ஒரு பக்கத்தையும் கட்டம்போட்ட லுங்கி ஒன்றையும் ஒட்டி, வெளிச்சத்தில் 1080p 30-இல் பத்து நொடி, அசைக்காமல் 1080p 240-இல் பத்து நொடி எடுங்கள். காட்சி சுருங்கியிருந்தால் நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறது. லுங்கிக் கட்டங்களில் இல்லாத வண்ண அலைகள் ஓடினால் வரிசைகளை விட்டுப் படிக்கிறது. செய்தித்தாளின் சின்ன எழுத்து 30-இல் வாசிக்க முடிந்து 240-இல் முடியாமல் போனால், இரண்டிலும் எண் ஒன்றாக இருந்தாலும் உண்மையான தெளிவு குறைந்துவிட்டது. என் போனில் சின்ன எழுத்து 240-இல் போய்விட்டது, 120-இல் தப்பியது. அதன் பிறகு துளியோ தெறிப்போ இல்லாத எதையும் நான் 240-இல் எடுப்பதில்லை. 120 பெரும்பாலான அசைவுக்குப் போதும், படமும் கெட்டியாக இருக்கும்.

அதிவேக முறையில் ஒரு நல்லதும் உண்டு. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால், சாதாரண வீடியோவில் வேகமாக ஆடும் கை லேசாகச் சாய்ந்து தெரியும். 240-இல் படிப்பு சீக்கிரம் முடிந்துவிடுவதால் அந்தச் சாய்வு மிகவும் குறைகிறது.

அப்புறம் 960 ஃபிரேம். 2017-இல் சோனி எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியத்தில் இது வந்தது. சென்சாரின் அடுக்கிலேயே நினைவகத்தை வைத்து, படங்களை முதலில் அங்கே கொட்டிக்கொண்டு, பிறகு நிதானமாக எடுத்துச் சேமிக்கும் ஏற்பாடு அது. அந்த நினைவகம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் ஒரு நொடியில் சிறு துண்டைத்தான் பிடிக்க முடியும். 2018-இன் சாம்சங் கேலக்ஸி எஸ்9-இல் அது சுமார் 0.2 நொடி, அதுவும் 720p-யில். துளி உடையும் கணத்துக்கு அது சரியான கருவிதான். 960-இல் டீத்துளி ஒரு ஃபிரேமுக்கு அரை சென்டிமீட்டர்கூட நகராது. ஆனால் மெனுவில் 960 என்று இருக்கும் எல்லாப் போனும் 960 படம் எடுப்பதில்லை. சில போன்கள் குறைவாக எடுத்து, நடுவில் தாங்களே வரைந்து நிரப்புகின்றன. குழாயில் சொட்டும் நீரை எடுத்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரு படத்தில் துளி கூர்மையாகவும் அடுத்ததில் குழைந்தும் மாறிமாறி வந்தால், குழைந்தவை வரையப்பட்டவை.

வெளிச்சம்: முதல் நாளைவிடப் பெரிய பாடம்

இரண்டாம் நாள் 240-இல் எடுத்தேன். ஜெல்லி போய்விட்டது. ஆனால் படம் இருட்டாக, மணல் தூவியது போல இருந்தது, வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தது.

இருட்டுக்குக் காரணம் நேரடியானது. நொடிக்கு 240 படம் எடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் அதிகபட்சம் 1/240 நொடிதான் திறந்திருக்க முடியும். சாதாரணமாக 1/50 நொடி திறந்திருக்கும் இடத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம். போன் சென்சாரின் உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றி ஈடுகட்டும், மணல் வந்துவிடும். அதற்கு மேல் இன்னொன்று: 1/240 நொடியில் டீ 1.8 சென்டிமீட்டர் விழுந்துவிடுவதால், ஒரே படத்துக்குள்ளேயே துளி சின்னக் கோடாகப் பதிகிறது. துளி துளியாகவே தெரிய ஷட்டர் 1/1000 நொடியாவது வேண்டும். அதற்கு 1/50-ஐப் போல இருபது மடங்கு வெளிச்சம் தேவை. கடைக்குள் எத்தனை விளக்கு போட்டாலும் அது கிடைக்காது, வெயில்தான் தரும். போதிய வெயில் இருந்தால் போன் தானாகவே ஷட்டரைச் சுருக்கிக்கொள்ளும்.

துடிப்பு வேறு விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய செப்புச் சோக் போட்ட ட்யூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் அதனால் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. எட்டு மடங்கு மெதுவாக்கினால் அது நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் துடிப்பதாகத் தெரியும், பார்க்கவே முடியாது. எலக்ட்ரானிக் சோக் போட்ட ட்யூப்லைட்டில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. எது எந்த விளக்கு என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டாம். 240-இல் இரண்டு நொடி எடுத்து அங்கேயே ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

துடிக்கும் விளக்கை அணைக்கவே முடியாத இடமென்றால் ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிந்து வேலை செய்கிறது. ஷட்டரைச் சரியாக 1/100 நொடியில் பூட்டுவது. அப்போது ஒவ்வொரு படமும் ஒரு முழுத் துடிப்பை உள்வாங்கிக்கொள்வதால் எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும். ஆனால் 120 ஃபிரேமில் ஷட்டர் 1/120 நொடிக்கு மேல் திறக்க முடியாது. அதனால் இந்த வழி 60 ஃபிரேமோடு நின்றுவிடும். ஷட்டரைக் கையால் வைக்க, போனின் கேமராவில் ப்ரோ முறை இருந்தால் அது போதும், இல்லையென்றால் `Blackmagic Camera` போன்ற ஆப் வேண்டும். இப்படி 4K 60-இல் எடுத்து இரண்டு மடங்கு உண்மையாகவும், மேலே இரண்டு மடங்கு சாஃப்ட்வேரிலும் மெதுவாக்கினால் முகம், கை, நீராவி எல்லாம் அழகாக வரும். துளிகளை மறந்துவிட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள்: படிப்படியாக

கடை கிழக்குப் பார்த்தது. காலை எட்டு மணிக்கு வெயில் பாய்லர் வரை வருகிறது. மாஸ்டரிடம் கேட்டு, அவர் நிற்கும் இடத்தை வாசல் பக்கம் ஓரடி தள்ளி வைத்துக்கொண்டோம், ட்யூப்லைட்டை அணைத்தோம். “இதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஆத்துனது சரியா வரலையா தம்பி?” என்றார். வெளிச்சம்தான் அண்ணே சரியில்லை என்றேன்.

1. போனை நிமிர்த்தி ஸ்டாண்டில் வைத்தேன். ஆத்தும் உயரமும் கொஞ்சம் இடமும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் காட்சிக்குள் வருமாறு தூரத்தை அமைத்தேன். கையில் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் அதிவேக முறையில் பல போன்களில் நடுக்கத்தைச் சீராக்கும் வசதி குறைந்துவிடும்.

2. முதன்மை லென்ஸையே வைத்தேன். அகலக்கோண லென்ஸிலும் தூர லென்ஸிலும் உள்ளே வரும் வெளிச்சம் பெரும்பாலும் குறைவு.

3. 1080p 240 தேர்ந்தெடுத்தேன். ஐபோனில் இது `Settings > Camera > Record Slo-mo` என்ற இடத்தில் இருக்கிறது.

4. டீ விழும் கோட்டில் ஒரு கரண்டியை நிறுத்தி, திரையில் அதை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டினேன். பூட்டாவிட்டால், டீ வரும்போது ஃபோகஸ் தேடி அலையும். டீக்குப் பின்னால் இருட்டான இடம் வருமாறு பார்த்துக்கொண்டேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் துளி தெரியாது.

5. ஆத்தத் தொடங்கும் முன்பே பதிவை ஓடவிட்டு, மொத்தம் ஆறு நொடியில் நிறுத்தினேன். ஆறு நொடி நீட்டினால் 48 நொடி. பத்து நொடி எடுத்தாலே தேடிச் சலித்துவிடும்.

6. வீடியோ ஃபைலை யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்கு ஏற்றினேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு, ஃபிரேம்கள் போய்விடும். ஐபோன்காரர்கள் மேக்கில் `Export Unmodified Original` என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

ஏற்றியதும் முதல் வேலை, எடுத்த ஃபிரேமெல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது. அதற்குக் கணினியில் ffmpeg என்ற வீடியோ சாஃப்ட்வேரை நிறுவி, டெர்மினலில் அதன் ffprobe கட்டளையை ஓட்டினேன். tea.mp4 என்பது என் வீடியோ ஃபைலின் பெயர்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,avg_frame_rate,nb_frames -of default=nw=1 tea.mp4
```

ஆறு நொடிக்கு 240 வீதம் 1440 ஃபிரேம் இருக்க வேண்டும். `avg_frame_rate` 240-ஐ ஒட்டியும் `nb_frames` 1440-ஐ ஒட்டியும் இருந்தால் சரி. வேகம் 30 என்றும் ஃபிரேம் 1440 என்றும் காட்டினால், போன் ஏற்கெனவே நீட்டிச் சேமித்துவிட்டது. சில ஆண்ட்ராய்டு போன்கள் இப்படிச் செய்யும். அதை மறுபடி நீட்டினால் அறுபத்து நான்கு மடங்கு ஆகிவிடும். வேகம் 30, ஃபிரேமும் 180 என்றால் வழியில் எல்லாம் தொலைந்துவிட்டது. போனிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

சரியாக இருந்தால் நீட்டுவது ஒரே வரி. இதில் எந்தப் படமும் புதிதாக வரையப்படுவதில்லை, இருக்கும் படங்கள் நிதானமாக ஓடுகின்றன:

```
ffmpeg -i tea.mp4 -an -vf "setpts=8*PTS" -r 30 -crf 18 tea_8x.mp4
```

தாரை முறுக்கிக்கொண்டு இறங்குவதும், கிளாஸின் விளிம்புக்குச் சற்று மேலே அது துளிகளாக அறுபடுவதும் தெளிவாக வந்தது. அதையும் இரண்டு மடங்கு நீட்டினால் என்ன என்று ஆசை வந்தது. இந்த இடத்தில்தான் சாஃப்ட்வேரை உள்ளே விட்டேன்:

```
ffmpeg -i tea_8x.mp4 -vf "minterpolate=fps=60:mi_mode=mci,setpts=2*PTS" -r 30 -crf 18 tea_16x.mp4
```

இப்போது ஒவ்வொரு உண்மைப் படத்துக்கும் ஒரு படம்தான் வரையப்படுகிறது. மேலிருந்து இருபது சென்டிமீட்டர் வரை டீயின் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்குள்தான். ஃபிரேமுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நகர்வு. அந்தப் பகுதியில் எது எடுத்தது, எது வரைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கீழே, துளிகள் உடையும் இடத்தில், ஒன்று விட்டு ஒரு படம் குழைந்திருந்தது. மாஸ்டரின் முழங்கையை ஒட்டிய அலமாரி விளிம்பும் கையோடு சேர்ந்து லேசாக இழுபட்டது. கை மறைத்திருந்த இடத்தில் என்ன இருந்தது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது என்பதால் விளிம்புகளில் இது எப்போதும் முதலில் வரும் கோளாறு. சரிபார்க்கும்போது நான் முதலில் பார்ப்பதும் அங்கேதான்.

அதனால் கடைசியில், கை உயர்ந்து தாரை தொடங்கும் முதல் பகுதியைப் பதினாறு மடங்கிலும், துளி உடைந்து நுரையாகும் பகுதியை எட்டு மடங்கிலும் வைத்து ஒட்டினேன். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் 1080-க்கு 1920 புள்ளிதான் என்பதால், நிமிர்த்தி எடுத்த 1080p-யை வெட்டாமல் அப்படியே போட முடிந்தது. கிளாஸை மட்டும் பெரிதாக்கிக் காட்ட ஒரு துண்டு தேவைப்பட்டது. அதற்கு 240-இன் படம் தாங்கவில்லை, பெரிதாக்கியதும் கிளாஸின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரிந்தது. அந்த ஒரு துண்டுக்காக நான்காம் நாள் போய், போனைக் கிளாஸுக்கு அரை மீட்டர் அருகில் வைத்து மறுபடி 240-இலேயே எடுத்தேன்.